பணம் வந்துச்சே மாமா

ரொம்ப நாளாக ஒரு வாக்கியம் மனதை விட்டுப் போகவில்லை. என் அக்கா மகன் சொன்னது. 2024 ஆடி மாதம், ஈரோட்டில் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது தன் போனை என் முன்னால் நீட்டினான். பச்சையும் சிவப்புமாய் ஓடும் ஒரு சார்ட், கீழே மேல் அம்புக்குறி ஒன்று, கீழ் அம்புக்குறி ஒன்று. ஒரு நிமிடத்தில் விலை ஏறுமா இறங்குமா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் போட்ட நூறுக்கு 85 ரூபாய் லாபம், தப்பினால் நூறும் போய்விடும். வெளிநாட்டுக் கம்பெனி ஆப், இந்த ஆட்டத்துக்கு பைனரி ஆப்ஷன் என்று பெயர். "நம்பலாமா இதை?" என்று கேட்டேன். "பணம் வந்துச்சே மாமா" என்று பேங்க் மெசேஜைக் காட்டினான். 1,850 ரூபாய் வரவு.

நான் பத்து வருடமாக ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவன். கையில் கொஞ்சம் காசு இருந்தால் நிஃப்டி ஆப்ஷனும் வாங்குவேன், அதில் விட்டதுதான் அதிகம். அந்த அனுபவத்தில் அன்றைக்கு ஒரு பதில் சொன்னேன்: "நான் பண்றதும் இதுவும் ஒண்ணுதான்பா. எல்லாம் சூதாட்டம். அளவா வெச்சுக்கோ." எச்சரிக்கை செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அவன் காதில் விழுந்தது வேறு. மாமாவும் இதைத்தான் பண்றார், மாமா அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், மாமாவுக்குத் தெரியாததா. அடுத்த ஆறு மாதத்தில் 68,000 ரூபாய் அந்த ஆப்புக்குள் போனது.

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை பெருந்துறை ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இருந்து கூப்பிட்டான். 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுவிட்டான், ஜிபே போகவில்லை. மறுபடி மறுபடி அடிக்கிறான், போகவில்லை. பின்னால் வண்டிகள் நிற்கின்றன. நான் பணம் அனுப்பினேன். மாலையில் பேங்க்கில் இருந்து விவரம் கிடைத்தது: கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. வேறொரு மாநிலத்து சைபர் கிரைம் போலீசின் உத்தரவு. முந்தின வாரம் வந்த சம்பளம் 24,000 ரூபாயும் உள்ளே மாட்டிக்கொண்டது. காரணம் என்று ஒரு புகார் எண்ணும் ஒரு தொகையும் கொடுத்தார்கள். அந்தத் தொகை 1,850 ரூபாய்.

என் கால் ஆப்ஷன்

அவனுக்கு விளக்க வேண்டும் என்றால் முதலில் நான் சொன்ன பொய்யை நானே உடைக்க வேண்டும். பொய் என்றுதான் சொல்கிறேன், தெரியாமல் சொன்னதாக இருந்தாலும். மறுநாள் ஞாயிறு, அவனைக் கூட்டி வைத்து அந்த மாதமே நான் நஷ்டப்பட்ட ஒரு டிரேடைக் கையில் எடுத்தேன். லாபம் வந்த டிரேடைக் காட்டினால் அவனுக்குத் தப்பான பாடமாகிவிடும்.

நிஃப்டி குறியீடு 23,700 பக்கம் இருந்தது. வியாழக்கிழமை முடிகிற 23,700 கால் ஒன்றைப் புதன்கிழமை வாங்கினேன். கால் என்பது நிஃப்டி அந்த எண்ணுக்கு மேலே போனால் பலன் தரும் ஒப்பந்தம். விலை 80 ரூபாய். அப்போது ஒரு லாட் என்றால் 75 எண்ணிக்கை சேர்ந்தது, ஆக 6,000 ரூபாய். அதிகபட்சமாக என்னால் இழக்க முடிகிற தொகை அவ்வளவுதான், கட்டணங்கள் தனி. மறுநாள் காலை நிஃப்டி கொஞ்சம் இறங்கியது, கால் 52-க்கு வந்தது. என் கணிப்பு தப்பு என்று தெரிந்ததும் விற்றுவிட்டேன். 3,900 திரும்ப வந்தது. 2,100 நஷ்டம், அதோடு புரோக்கரேஜ், வரி எல்லாம் சேர்த்து ஐம்பது ரூபாய் சொச்சம். அன்று சந்தை முடிந்தபோது நிஃப்டி 23,700-க்குக் கீழேதான் இருந்தது, வைத்திருந்தால் 6,000-மும் பூஜ்யமாகியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது எனக்கு நஷ்டம் வந்ததை இல்லை, நடுவில் வெளியே வர முடிந்ததை. வியாழக்கிழமை காலையில் 52 ரூபாய் கொடுத்து அந்தக் கால் ஆப்ஷனை வாங்க முன்பின் தெரியாத ஒருவர் தயாராக இருந்தார். வாங்க எவ்வளவு கேட்டு நிற்கிறார்கள், என்ன விலைக்கு, விற்க எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஆப்ஷன் செயின் என்ற விலைப் பட்டியலில் திறந்தே கிடக்கிறது. என் புரோக்கர் ஆப்பில் தெரிகிற அதே விலைதான் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ தளத்திலும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரரின் வேறு புரோக்கர் ஆப்பிலும் தெரியும். எனக்கு விற்றவர் பணம் தராமல் ஓடிவிட்டால் என்ன என்று நான் யோசிக்கவே தேவையில்லை. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விற்கிறவரிடம் முன்கூட்டியே மார்ஜின் என்ற பிணைத்தொகையைப் பிடித்து வைத்திருக்கிறது. என் புரோக்கருக்கோ நான் ஜெயித்தாலும் ஆர்டருக்கு 20 ரூபாய், தோற்றாலும் 20 ரூபாய். என் 2,100 ரூபாயில் ஒரு பைசாகூட அவருக்குப் போகவில்லை. அன்று மாலையே கான்ட்ராக்ட் நோட் மெயிலில் வந்தது. ஆர்டர் எண், டிரேட் எண், நடந்த நேரம் வினாடி வரைக்கும், பிடித்த எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி எல்லாம் அதில் இருந்தன. சந்தேகம் இருந்தால் அந்த டிரேட் நிஜமாகவே நடந்ததா என்று என்எஸ்இ தளத்தில் நாமே சரிபார்க்கலாம்.

இதைச் சொல்லும்போதே அவனிடம் இன்னொன்றையும் சொன்னேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கான இடம் என்பதால் லாபம் வரும் இடம் என்று ஆகிவிடாது. 2024-25 நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ எனப்படும் பங்குச் சந்தை ஃபியூச்சர், ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்பது, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி பிறகு வெளியிட்ட சொந்தக் கணக்கு. நானும் அந்த 91-இல் ஒருவன். அவனை அந்த ஆப்பில் இருந்து இழுத்து இங்கே கொண்டுவந்து விடுவது என் நோக்கமாக இருக்கவில்லை.

ஜெயித்தாலும் தோற்கிற கணக்கு

அப்புறம் அவனுடைய ஆப்பைத் திறந்தோம். நூறு ரூபாய் போட்டால் 85 லாபம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு நிமிடத்தில் விலை ஏறுமா இறங்குமா என்பது நாணயம் சுண்டுகிற மாதிரிதான், பாதிக்குப் பாதி. நூறு தடவை நூறு நூறாகப் போட்டு ஐம்பது ஜெயித்து ஐம்பது தோற்றால் வருவது 4,250, போவது 5,000. கையைவிட்டுப் போவது 750 ரூபாய். அதாவது போடுகிற ஒவ்வொரு நூறுக்கும் சராசரியாக ஏழரை ரூபாய் அந்த ஆப்புக்குக் கப்பம். முதலுக்கு மோசமில்லாமல் நிற்கவே நூற்றுக்கு 54 தடவைக்கு மேல் சரியாகச் சொல்ல வேண்டும். ஒரு நிமிட ஆட்டம் என்பதால் நூறு தடவை என்பது இரண்டு மணி நேர வேலைதான். இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் முடிந்துவிடும்.

அவனிடம் ஒரு உத்தி இருந்தது. டெலிகிராம் குழுவில் கற்றுக்கொண்டது. தோற்றால் அடுத்ததில் இரண்டு மடங்கு போடு, எப்போதாவது ஒருதடவை ஜெயிக்கத்தானே வேண்டும், ஜெயித்ததும் விட்டதெல்லாம் திரும்பிவிடும். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் அதை எழுதிப் பார்க்கச் சொன்னேன். 500 போட்டான், போச்சு. 1,000, போச்சு. 2,000, 4,000, 8,000. ஐந்தும் போய் 15,500 நஷ்டம். ஆறாவதாக 16,000 போட்டு ஜெயித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். 85 சதவீதம் என்றால் வருவது 13,600. பேனாவைப் பிடித்தபடி அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்த பிறகும் 1,900 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கிறது. "ஜெயிச்சா விட்டதெல்லாம் வந்துரும்னாங்களே மாமா" என்றான். போட்டதுக்குச் சரியாக நூறு சதவீதம் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். 85-இல் நிற்காது. நூறு தடவை ஆடினால் தொடர்ந்து ஆறு தோல்வி எங்காவது ஒரு இடத்தில் வந்துவிட சரிபாதிக்கு மேலேயே வாய்ப்பு இருக்கிறது. ஆறு தோற்றால் 31,500. அவனுக்கு நவம்பரில் ஒரு இரவு அப்படித்தான் ஆகியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

போனஸ் இதைவிட மோசம். 10,000 கட்டியபோது இன்னொரு 10,000 போனஸாக ஏற்றியிருக்கிறார்கள். அதை ஒப்புக்கொண்டால் போனஸைப் போல 40 மடங்குக்கு ஆடி முடித்த பிறகுதான் பணம் எடுக்கலாம் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. 4,00,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். நூறுக்கு ஏழரை என்றால் அதற்குள் 30,000 ரூபாய் கரைய வேண்டும். கணக்கில் இருப்பதோ 20,000. எடுக்கும் தகுதி வருவதற்குள் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. இதற்கு யாரும் சார்ட்டைத் திருத்தக்கூட வேண்டாம், கணக்கே போதும்.

'ஆமா, இல்லை' என்ற அந்த வடிவத்தில்தான் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட எக்ஸ்சேஞ்சில் நடக்கிற பைனரி ஆப்ஷன்களும் உண்டு. அங்கே ஒரு ஒப்பந்தத்தின் விலை 0-க்கும் 100-க்கும் நடுவில் ஓடும். 42 டாலர் என்றால் 'ஆமா' என்பவர் 42 கட்டுவார், எதிரே 'இல்லை' என்பவர் 58 கட்டுவார். சேர்ந்தால் 100. முடிவில் சரியாகச் சொன்னவருக்கு அந்த 100-ம் போகும். எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டணம் மட்டும். நடுவிலேயே விற்று வெளியேறலாம். இவனுடைய ஆப்பில் ஒருவர் மேலே என்று 100, இன்னொருவர் கீழே என்று 100 போட்டால் 200 உள்ளே வருகிறது, 185 வெளியே போகிறது. எல்லோரும் மேலே என்று போட்டு விலை மேலே போய்விட்டால் அந்தக் கம்பெனி தன் கைக்காசைக் கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்பது அந்தக் கம்பெனியே. சார்ட்டை ஓட்டுவதும் அதே கம்பெனி. பணத்தை வைத்திருப்பதும் அதுவே.

ஞாயிற்றுக்கிழமை ஓடிய சந்தை

இவ்வளவு சொல்லியும் அவன் முகத்தில் பாதி நம்பிக்கைதான். கணக்கு அவனுக்குப் புரிந்தது, ஆனால் அது மற்றவர்களுக்கான கணக்கு என்று ஒரு எண்ணம் எல்லோருக்கும் உள்ளே இருக்கும். ஆப்பில் அவன் கணக்கில் இன்னும் 43,000 ரூபாய் காட்டியது. அதை எடுத்துவிட்டால் போதும், விட்டுவிடுகிறேன் என்றான். பேசிக்கொண்டே பழக்கத்தில் ஒரு சார்ட்டைத் தொட்டான். திரையில் EUR/USD (OTC) என்று வந்தது. கோடு துடிப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். "இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு மாமா."

"யூரோ டாலர் மார்க்கெட் சனிக்கிழமை விடிகாலை மூடினா நமக்குத் திங்கட்கிழமை விடிகாலைதான் திறக்கும். இது எங்கே ஓடுது?"

அவன் பதில் சொல்லவில்லை. என் போனில் வேறொரு தளத்தில் அதே யூரோ-டாலரைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அக்காவின் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்கு இந்தப்பக்கம் என் போன், அந்தப்பக்கம் அவன் போன். என் போனில் கோடு சனிக்கிழமை விடிகாலை மூடிய விலையில் அசையாமல் நின்றது. அவன் போனில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் இருக்கும், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவனே சொன்னான், "நான் நெறைய சனி ஞாயிறுலதான் மாமா ஆடுவேன். லீவு நாள்."

எனக்கு எல்லாம் திரும்பியது அந்த மேசையில்தான். அதுவரை நானும் இதை மோசமான விகிதம் உள்ள ஒரு பந்தயமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓ.டி.சி. என்ற பெயருக்கு நிஜ நிதி உலகில் மரியாதையான ஒரு பொருள் உண்டு. எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே இரண்டு தரப்பு நேரடியாகச் செய்துகொள்கிற வியாபாரம் அது. இந்த ஆப்புகள் அந்தப் பெயரை எடுத்து ஒட்டியிருப்பது தாங்களே உண்டாக்குகிற விலைக்கு. யூரோவும் இல்லை, டாலரும் இல்லை, ஒரு கம்ப்யூட்டர் போடுகிற கோடு மட்டும் இருக்கிறது. அந்தக் கோடு கடைசி இரண்டு வினாடியில் ஒரு நூலளவு இறங்கினால், இறங்கியது சரியா என்று எடுத்துவைத்துப் பார்க்க உலகத்தில் வேறு இடமே கிடையாது. திருத்தினார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. திருத்தவில்லை என்று அவர்களாலும் காட்ட முடியாது. என் 52 ரூபாய்க் கால் ஆப்ஷனை ஊரே சரிபார்க்கலாம். இவனுடைய 31,500 ரூபாய் இரவை யாராலும் சரிபார்க்க முடியாது. இவற்றைத்தான் நான் ஒன்று என்று சொல்லியிருந்தேன்.

2013-இலேயே அமெரிக்காவின் பங்குச் சந்தை, முன்பேரச் சந்தை ஒழுங்குமுறை ஆணையங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு எச்சரிக்கை வெளியிட்டன. இணையத்து பைனரி ஆப்ஷன் தளங்கள் மேல் வந்த புகார்களை அதில் மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள்: பணத்தைத் திருப்பித் தராதது, கொடுத்த அடையாள ஆவணங்களைத் தவறாகப் பயன்படுத்துவது, ஆள் தோற்கும்படி மென்பொருளையே திருப்பி வைப்பது. இந்தத் தொழிலின் பெரிய கூடாரமாக ஒரு காலத்தில் இஸ்ரேல் இருந்தது. 2017 அக்டோபரில் அந்த நாட்டுப் பாராளுமன்றமே மொத்தத் தொழிலையும் தடை செய்தது. அங்கே யூகோம் கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தின் தலைமை அதிகாரி லீ எல்பாஸ் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பாகி 2019 டிசம்பரில் 22 வருட சிறைத் தண்டனை பெற்றார். அந்த வழக்கில் வெளிவந்த வேலைமுறை நம்மூர் டெலிகிராம் குழுக்களில் இன்றும் அப்படியே நடக்கிறது. விற்பனையாளர்கள் பொய்ப் பெயரில் பேசினார்கள், இருக்கும் ஊரையும் படிப்பையும் பொய்யாகச் சொன்னார்கள். 'நீங்கள் சம்பாதித்தால்தான் எங்களுக்கும் வருமானம்' என்று நம்ப வைத்தார்கள். நிஜத்தில் வாடிக்கையாளர் தோற்றால்தான் கம்பெனிக்கு லாபம். ஐரோப்பாவில் 2018 ஜூலையில் சாதாரண முதலீட்டாளர்களுக்கு இதை விற்கத் தடை வந்தது. ஆஸ்திரேலியாவில் 2021 மே மாதம் வந்தது. அங்கே ஆராய்ந்தபோது ஏறக்குறைய 80 சதவீதம் பேர் பணத்தை இழந்திருந்தார்கள்.

நம் நாட்டில் இதற்குத் தனியாகத் தடைச் சட்டம் தேடவே வேண்டாம். 1956-ஆம் வருடத்துப் பங்கு ஒப்பந்தச் சட்டத்தின்படி பங்கு, குறியீடு சார்ந்த டெரிவேட்டிவ் ஒப்பந்தம் சட்டப்படி செல்லுபடியாக வேண்டும் என்றால் அது அங்கீகாரம் பெற்ற எக்ஸ்சேஞ்சில் நடந்து அதன் கிளியரிங் ஹவுசில் தீர வேண்டும். அந்நியச் செலாவணியில் இறங்கும் தளங்களுக்கு ரிசர்வ் பேங்க்கின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு வெளியிட்டார்கள், பிறகு அது நீண்டுகொண்டே போகிறது. பட்டியலில் பெயர் இல்லாததால் ஒரு தளம் நல்லதாகிவிடாது என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த 1,850 ரூபாய்

திங்கட்கிழமை பேங்க்கில் ஆறு மாத ஸ்டேட்மென்ட் வாங்கினோம். கணக்குப் பார்க்கிறவன் என்பதால் எனக்கு ஸ்டேட்மென்ட் படிப்பது பழக்கம். அதை நான் ஆடி மாதமே கேட்டு வாங்கிப் படித்திருக்க வேண்டும். அவன் 'ஆப்புக்கு' கட்டிய பணம் ஒரு தடவைகூட அந்த ஆப்பின் பெயருக்குப் போகவில்லை. ஆகஸ்டில் ஒரு மொபைல் உதிரிபாகக் கடை. செப்டம்பரில் ஏதோ ஒரு எண்டர்பிரைசஸ். அக்டோபரில் ஒரு தனி ஆளின் பெயர். ஒவ்வொரு தடவையும் புது யுபிஐ ஐடி. பணம் கட்டும் பக்கத்தில் கியூஆர் மாறிக்கொண்டே இருக்கும், பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும் என்று அவனே சொன்னான். வசதிக்காக என்று நினைத்திருக்கிறான். அந்த 1,850 வந்ததும் ஒரு துணிக்கடையின் பெயரில் இருந்து. அவன் அந்தக் கடையைக் கேள்விப்பட்டதே இல்லை, ஒரு துண்டுத் துணிகூட விற்றதில்லை.

பேங்க் மேலாளர் பொறுமையாக விளக்கினார். எங்கோ ஒரு ஊரில் ஒருவர் வேறொரு மோசடியில் பணத்தை இழக்கிறார், 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்கிறார். அந்தப் பணம் முதலில் போன கணக்கு, அங்கிருந்து போன கணக்கு, அதற்கடுத்த கணக்கு என்று போலீஸ் அடுக்கடுக்காகப் பின்தொடர்கிறது. துணிக்கடைப் பெயரில் இருந்தது வாடகைக்கு விடப்பட்ட கணக்கு. இன்னொருவரிடம் பறித்த காசைத்தான் அந்த ஆப் இவனுக்கு 'லாபம்' என்று அனுப்பியிருக்கிறது. முதல் தடவை எடுக்கும்போது சின்னத் தொகையைச் சட்டென்று கொடுத்துவிடுவார்கள், மீனுக்குப் போடும் புழு மாதிரி. இவன் அதை வைத்துத்தான் ஆப்பை நம்பினான். அவன் காட்டிய அந்த மெசேஜை வைத்து நானும் அரை மனதோடு நம்பினேன். நம்பகத்தன்மைக்குச் சாட்சி என்று நாங்கள் நினைத்ததுதான் மோசடிக்குச் சாட்சியாக இருந்திருக்கிறது.

இப்போது யாராவது என்னிடம் போனை நீட்டினால் சார்ட்டைப் பார்ப்பதில்லை. பணம் யார் பெயருக்குப் போகிறது என்று முதலில் கேட்கிறேன். செபி பதிவு பெற்ற புரோக்கருக்குக் கட்டும் பணம் தனி ஆளுக்கோ மளிகைக் கடைக்கோ போகாது, எடுக்கும் பணமும் புரோக்கரின் கணக்கில் இருந்து நம் பெயரில் பதிவான பேங்க் கணக்குக்கு மட்டும்தான் வரும். 2025 அக்டோபரில் இருந்து புரோக்கர்கள் போன்ற பதிவு பெற்ற நிறுவனங்களுக்கென்றே @valid என்று வருகிற யுபிஐ ஐடியைச் செபி கொண்டுவந்திருக்கிறது, அதனால் இதைப் பார்ப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. அடுத்ததாக, வாங்கியதை அதன் காலம் முடிவதற்கு முன்னால் இன்னொரு ஆளிடம் விற்க முடியுமா என்று கேட்கிறேன். மூன்றாவதாக, ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்கச் சொல்கிறேன். இந்த மூன்றுக்கும் ஒரு நிமிடம் ஆகாது.

நான்காவதாக ஒன்று உண்டு, அதற்குள் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அவன் 43,000 ரூபாயை எடுக்கக் கோரிக்கை போட்டபோது, 'அக்கவுண்ட் மேனேஜர்' என்று டெலிகிராமில் ஒருவர் வந்து 18 சதவீதம் வரி, 7,740 ரூபாய், முன்கூட்டியே கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும் என்றிருக்கிறார். கணக்கு முடங்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பான். இருக்கிற பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பதில் எழுத வைத்தேன். அது முடியாது, புதுப் பணமாகத்தான் வர வேண்டும் என்று பதில் வந்தது. நம் நாட்டில் டிரேடிங் லாபத்துக்கு வருமான வரி நாம் அரசாங்கத்துக்குக் கட்டுவது. எஸ்டிடி போன்றவை டிரேடிலேயே கழிந்துவிடும். பணத்தை எடுக்க முன்பணம் கேட்கிற புரோக்கர் என்று ஒருவர் கிடையாது. அந்த 43,000 திரையில் தெரிந்த ஒரு எண் மட்டும்தான் என்பதை அவன் ஏற்றுக்கொள்ள இரண்டு நாள் ஆனது. அடுத்த வாரம் இன்னொருவர் கூப்பிட்டு, 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், 5,000 கட்டணம்' என்றார். அவன் இழந்தது அவருக்கு எப்படித் தெரியும்? ஏமாந்தவர்களின் பட்டியலையும் விற்றிருக்கிறார்கள்.

cybercrime.gov.in தளத்தில் அவன் பெயரில் புகார் கொடுத்தோம். ஆப்பின் பெயர், பணம் போன ஒவ்வொரு யுபிஐ ஐடி, பரிவர்த்தனை எண், டெலிகிராம் உரையாடல்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்தோம். இவ்வளவு நாள் கழித்துக் கொடுத்தால் பணம் திரும்புவது கடினம், உடனே 1930-க்கு அழைத்திருந்தால் போன பணத்தைப் பாதி வழியிலாவது நிறுத்தியிருக்கலாம் என்றார்கள். கணக்கை முடக்கிய மாநிலத்து விசாரணை அதிகாரிக்குத் தனியாக ஒரு மெயில் எழுதினோம்: அடையாள அட்டை, ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, அந்தப் பணம் எப்படி வந்தது என்ற விளக்கம். ஆப்பில் ஆடியதை மறைக்க வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுது என்று சொன்னேன். மூன்று வாரம் கழித்து முடக்கத்தைத் தளர்த்தினார்கள். சம்பளம் வெளியே வந்தது. புகாருக்கு உட்பட்ட 1,850 மட்டும் அப்படியே பிடித்து வைக்கப்பட்டது.

அந்த மெயிலை எழுதி முடித்து அனுப்பப் போனபோது, கடைசியில் ஒரு வரி சேர்க்கணும் மாமா என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். என்ன எழுதுகிறான் என்று எட்டிப் பார்த்தேன். அந்த 1,850 ரூபாயைப் புகார் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுப்பதில் தனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று எழுதியிருந்தான்.

"பணம் வந்துச்சுன்னு உங்ககிட்ட காட்டினேன்ல மாமா," என்றான். "அது அவங்களுது."